ஆய்வுக் கட்டுரையைப் படிநிலைகளில் வாசித்தல்

ஆய்வுக் கட்டுரையைப் படிநிலைகளில் வாசித்தல் என்பது ஓர் ஆய்வுக் கட்டுரையையோ நீண்ட அறிக்கையையோ முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை ஒரே சீராகப் படிக்காமல், முதலில் அதன் கட்டமைப்பை விரைவாக நோக்கி, பின்னர் தேவையான பகுதிகளை மட்டும் ஊன்றிப் படிக்கும் முறை ஆகும். இம்முறையில் ஒரே கட்டுரை இரண்டு அல்லது மூன்று முறை வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் நோக்கம் வேறு, செலவிடும் நேரமும் வேறு. முதல் வாசிப்பின் பயன் கட்டுரையைப் புரிந்துகொள்வது அன்று. அடுத்து எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது இக்கட்டுரையை மேலும் படிக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்வதே ஆகும்.

கணினி அறிவியலாளர் சீனிவாசன் கேசவ் 2007 ஆம் ஆண்டு ஏசிஎம் சிக்காம் அமைப்பின் இதழில் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று இம்முறையை "மூன்று சுற்று" முறையாக வகுத்துத் தந்தது. பல பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களுக்கு அக்கட்டுரை பரிந்துரைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் அம்முறை விளக்கப்படுவதோடு, 2000 ஆம் ஆண்டு வெளியான வைகர் என்னும் மருத்துவ ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து என்ன தெரிய வருகிறது என்பது காட்டப்படுகிறது.

## கட்டுரையின் அமைப்பு

இம்முறை சாத்தியமாவதற்குக் காரணம் ஆய்வுக் கட்டுரைகள் ஏறத்தாழ ஒரே வடிவில் எழுதப்படுவதாகும். பரிசோதனை சார்ந்த துறைகளில் தலைப்பு, சுருக்கம், அறிமுகம், முறைகள், முடிவுகள், கலந்துரையாடல், மேற்கோள் பட்டியல் என்ற வரிசை வழக்கமானது. மருத்துவ இதழ்களில் இவ்வடிவம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றது.

இப்பகுதிகள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. அறிமுகத்திலும் கலந்துரையாடலிலும் ஆசிரியர்கள் வாதிடுகின்றனர். தம் ஆய்வு ஏன் தேவைப்பட்டது, அதன் பொருள் என்ன என்று வாசகரை ஏற்கச் செய்ய முயல்கின்றனர். முறைகள் பகுதியில் தாம் செய்ததைச் சொல்கின்றனர். முடிவுகள் பகுதியிலும் அட்டவணைகளிலும் தாம் கண்டதைச் சொல்கின்றனர். எனவே ஆசிரியரின் கருத்தை அறிய விரும்புபவர் படிக்க வேண்டிய இடம் ஒன்று. அக்கருத்துக்கு ஆதாரம் உண்டா என்று அறிய விரும்புபவர் படிக்க வேண்டிய இடம் வேறு. சுருக்கத்தில் இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. அதன் கடைசி வாக்கியம் பெரும்பாலும் வாதமாகவும், அதற்கு முந்தைய வாக்கியங்கள் கண்டறிந்தவையாகவும் இருக்கும்.

## மூன்று சுற்றுகள்

கேசவின் முறையில் முதல் சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். தலைப்பு, சுருக்கம், அறிமுகம் ஆகியன கவனமாகப் படிக்கப்படுகின்றன. பின்னர் பகுதித் தலைப்புகளும் உட்தலைப்புகளும் மட்டும் பார்க்கப்படுகின்றன. அவற்றின் கீழுள்ளவை படிக்கப்படுவதில்லை. அதன் பின் முடிவுரை படிக்கப்படுகிறது. இறுதியாக மேற்கோள் பட்டியலில் தாம் முன்பே படித்தவை எவை என்று பார்க்கப்படுகிறது. இச்சுற்றின் முடிவில் வாசகர் ஐந்து வினாக்களுக்கு விடை கூற இயல வேண்டும்: கட்டுரை எவ்வகையைச் சேர்ந்தது, எந்த முந்தைய ஆய்வுகளோடு தொடர்புடையது, அதன் அடிப்படை எடுகோள்கள் ஏற்கத்தக்கனவாகத் தோன்றுகின்றனவா, அதன் பங்களிப்பு என்ன, அது தெளிவாக எழுதப்பட்டுள்ளதா. இவற்றுக்கு விடை கிடைத்த பின் கட்டுரையை ஒதுக்கி வைப்பதும் முறையான முடிவே ஆகும்.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். கட்டுரை முழுவதும் படிக்கப்படுகிறது. ஆனால் நிறுவல்கள் போன்ற நுணுக்கங்கள் விடப்படுகின்றன. வரைபடங்களும் அட்டவணைகளும் சிறப்பாகக் கவனிக்கப்படுகின்றன. இச்சுற்று நிறைவேறியதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதன் மையக் கருத்தையும் அதற்கான ஆதாரத்தையும் மற்றொருவருக்கு எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். கருத்தை மட்டும் சொல்ல முடிந்து ஆதாரத்தைச் சொல்ல முடியாவிடின், படிக்கப்பட்டது சுருக்கம் மட்டுமே என்று கொள்ளலாம்.

மூன்றாம் சுற்று, கட்டுரையை மதிப்பிட வேண்டியவர்களுக்கும் அதன் மீது தம் பணியைக் கட்டியெழுப்ப வேண்டியவர்களுக்கும் உரியது. ஆசிரியர்களின் எடுகோள்களையே வைத்துக்கொண்டு அந்த ஆய்வை வாசகர் தம் மனத்தில் மீண்டும் செய்து பார்க்கிறார். தாம் செய்திருக்கக்கூடியதும் ஆசிரியர் செய்ததும் வேறுபடும் இடங்களே ஐயத்துக்குரிய இடங்கள். தொடக்க நிலை வாசகருக்கு இதற்கு நான்கைந்து மணி நேரமும், பயிற்சி பெற்றவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் ஆகும் என்று கேசவ் குறிப்பிடுகிறார்.

## எடுத்துக்காட்டு: வைகர் கட்டுரை

முடக்கு வாதம் உள்ளவர்கள் மூட்டு வலிக்காக நீண்ட காலம் வலி நீக்கி மாத்திரைகளை உட்கொள்கின்றனர். நாப்ராக்சென் போன்ற பழைய மருந்துகள் இரைப்பையில் புண்ணையும் குருதிக் கசிவையும் உண்டாக்கக் கூடியவை. இக்குறையைத் தவிர்க்கும் நோக்குடன் மெர்க் நிறுவனம் ரோஃபெகாக்சிப் என்ற புதிய மருந்தை 1999 ஆம் ஆண்டு வையாக்ஸ் என்ற வணிகப் பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்ட வைகர் ஆய்வின் கட்டுரை 2000 நவம்பர் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. அது ஒன்பது பக்கங்கள் கொண்டது.

புதிய மருந்தைத் தன் நோயாளிகளுக்கு எழுதித் தரலாமா என்று அறிய விரும்பும் ஒரு மருத்துவர் இக்கட்டுரையை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். அவருடைய வினா ஆசிரியர்களின் வினாவை விட அகலமானது. ஆசிரியர்கள் இரைப்பையைப் பற்றிக் கேட்டனர்; மருத்துவர் நோயாளியின் முழு உடல்நலத்தையும் பற்றிக் கேட்கிறார். இவ்வேறுபாடே அவர் எப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

### முதல் சுற்றில் தெரிவது

தலைப்பு இரண்டு மருந்துகளின் இரைப்பைக் குடல் நச்சுத்தன்மை ஒப்பீடு என்று கூறுகிறது. சுருக்கத்தின்படி, முடக்கு வாதம் உள்ள 8,076 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் ரோஃபெகாக்சிப்பும், மற்றது 500 மில்லிகிராம் நாப்ராக்சென் நாளுக்கு இருமுறையும் பெற்றன. அவர்கள் கண்காணிக்கப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு ஒன்பது மாதங்கள். வலியைக் குறைப்பதில் இரண்டும் ஒத்திருந்தன. உறுதி செய்யப்பட்ட மேல் இரைப்பைக் குடல் பாதிப்புகள் 100 நோயாளி-ஆண்டுகளுக்குப் புதிய மருந்தில் 2.1, பழைய மருந்தில் 4.5. அவற்றுள் கடுமையானவை முறையே 0.6, 1.4. சுருக்கத்தின் முடிவுரை, புதிய மருந்தில் இரைப்பைப் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறைவு என்று மட்டும் கூறுகிறது.

தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் பார்ப்பவர் இத்துடன் நிறைவடைவார். ஆனால் முடிவுரைக்குச் சற்று மேலே மற்றொரு வாக்கியம் உள்ளது. மாரடைப்பு ஏற்பட்டோர் நாப்ராக்சென் குழுவில் குறைவு என்றும், அவ்வளவு 0.1 சதவீதத்துக்கு எதிராக 0.4 சதவீதம் என்றும், சார்பு இடர் 0.2 என்றும் அது கூறுகிறது. இச்செய்தி தலைப்பிலும் இல்லை, முடிவுரையிலும் இல்லை.

சுருக்கத்தின் முடிவுகள் பகுதியில் இடம்பெற்று அதன் முடிவுரையில் இடம்பெறாத செய்தி எதுவோ, அதுவே இரண்டாம் சுற்றில் ஊன்றிப் படிக்க வேண்டியதற்கான முதல் அடையாளம். ஆசிரியர்கள் அதைக் கண்டறிந்துள்ளனர். குறிப்பிடும் அளவு பெரிதென்றும் கருதியுள்ளனர். ஆயினும் தம் வாதத்தில் அதற்கு இடம் அளிக்கவில்லை. அது ஏன் என்பதைக் கட்டுரையின் உட்பகுதிகளில்தான் தேட வேண்டும்.

### இரண்டாம் சுற்றில் தெரிவது

இப்போது வாசகரிடம் தெளிவான வினா ஒன்று உள்ளது: மாரடைப்பு வேறுபாடு எத்தனை பெரியது, அதற்குக் காரணம் என்ன? இதற்கு விடை தேட ஒன்பது பக்கங்களும் ஒரே அளவு கவனத்துடன் படிக்கப்பட வேண்டியதில்லை. முடிவுகள் பகுதியில் பொதுவான பாதுகாப்பு பற்றிய உட்பகுதியும், கலந்துரையாடலில் அதைப் பற்றிய பத்தியும், முறைகள் பகுதியில் யார் சேர்க்கப்பட்டனர், யார் விலக்கப்பட்டனர் என்ற விவரமும் போதும்.

முதலில் எண்கள். இரைப்பைப் பாதிப்புக்கும் மாரடைப்புக்கும் கட்டுரை ஒரே அளவீட்டைப் பயன்படுத்தவில்லை. இரைப்பைக்கு 100 நோயாளி-ஆண்டுகளுக்கு இத்தனை என்ற வீதம். மாரடைப்புக்கு ஆய்வுக் காலம் முழுவதற்குமான சதவீதம். இவ்விரண்டையும் நேரடியாக அருகருகே வைக்க முடியாது. ஒன்பது மாதத்தில் 0.4 சதவீதத்துக்கும் 0.1 சதவீதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.3. அதை ஓராண்டுக்கு மாற்றினால் ஏறத்தாழ 0.4 ஆகும். அதாவது ஆயிரம் நோயாளிகள் ஓராண்டு பழைய மருந்துக்குப் பதிலாகப் புதிய மருந்தை உட்கொண்டால், உறுதி செய்யப்பட்ட இரைப்பைப் பாதிப்புகள் 24 குறையும். அவற்றுள் கடுமையானவை 8. அதே வேளையில் மாரடைப்புகள் 4 கூடும். கடுமையான பாதிப்புகளில் கிடைத்த நன்மையின் பாதி அளவுக்கு மாரடைப்பு வந்து சேர்கிறது என்பது இவ்வாறு ஒரே அளவீட்டுக்கு மாற்றிய பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்து, விகிதத்தின் திசை. இரைப்பைப் பாதிப்பில் சார்பு இடர் 0.5 என்பது புதிய மருந்தைப் பழைய மருந்தால் வகுத்துப் பெற்றது. மாரடைப்பில் 0.2 என்பது பழைய மருந்தைப் புதிய மருந்தால் வகுத்துப் பெற்றது. திசை இடையில் மாறிவிட்டது. இரண்டு எண்களும் ஒன்றை விடச் சிறியவை என்பதால், விரைந்து படிப்பவருக்கு இரண்டும் நற்செய்தி போலத் தோன்றும். முதல் எண்ணின் திசையிலேயே இரண்டாவதையும் எழுதினால் 0.2 என்பது 5 ஆகும். அதன் 95 சதவீத நம்பக இடைவெளி 0.1 முதல் 0.7 வரை எனத் தரப்பட்டுள்ளது. திருப்பினால் அது ஏறத்தாழ 1.4 முதல் 10 வரை ஆகும். புதிய மருந்தை உட்கொண்டவர்களிடம் மாரடைப்பு ஐந்து மடங்கு என்பதும், பழைய மருந்தை உட்கொண்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு என்பதும் கணிதத்தில் ஒன்றே. வாசகர் மனத்தில் அவை ஒன்றல்ல.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு குழுவிலும் நான்காயிரத்துச் சொச்சம் பேர் இருந்தனர். 0.4 சதவீதம் என்றால் ஏறத்தாழ 16 பேர், 0.1 சதவீதம் என்றால் 4 பேர். உண்மையில் கட்டுரைக்கான கணக்கில் இருந்தவை 17, 4 ஆகும். சதவீதங்களை மீண்டும் ஆட்களாக மாற்றிப் பார்ப்பது இரண்டு வகையில் உதவுகிறது. நான்கு என்பது சிறிய எண் ஆதலால், "ஐந்து மடங்கு" என்பதைத் துல்லியமான அளவாகக் கொள்ளக் கூடாது என்பது புரிகிறது. அதே வேளையில், நம்பக இடைவெளி ஒன்றைத் தொடவில்லை ஆதலால், வேறுபாட்டைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிடவும் முடியாது.

### மூன்றாம் சுற்றில் தெரிவது

கலந்துரையாடலில் ஆசிரியர்கள் மாரடைப்பு வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம் தருகின்றனர். நாப்ராக்சென், ஆஸ்பிரினைப் போலக் குருதித் தட்டுகள் ஒன்று திரள்வதைத் தடுத்து இதயத்தைக் காத்திருக்கலாம் என்பதே அது. அதாவது புதிய மருந்து தீங்கு செய்யவில்லை. பழைய மருந்துதான் நன்மை செய்தது. சுருக்கத்தில் விகிதம் திருப்பி எழுதப்பட்டிருப்பதும் இவ்விளக்கத்தோடு பொருந்துகிறது.

இவ்விளக்கத்தைச் சோதிக்க வாசகர் ஆய்வைத் தாமே வடிவமைப்பதாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மருந்து காக்கிறதா, மற்றது கெடுக்கிறதா என்று பிரித்தறிய, இரண்டையும் உட்கொள்ளாத மூன்றாவது குழு ஒன்று தேவை. முறைகள் பகுதியைப் பார்த்தால் வெற்று மாத்திரை பெற்ற குழு எதுவும் இல்லை. கடும் வலியுள்ள நோயாளிகளுக்கு ஒன்பது மாதம் வெற்று மாத்திரை தருவது அறமாகாது என்பதால் இவ்வடிவமைப்பில் தவறில்லை. ஆனால் அதன் விளைவு தெளிவானது: இந்த ஆய்வின் தரவுகள் இரண்டு விளக்கங்களுக்கும் ஒரே அளவில் இடம் தருகின்றன. ஆசிரியர்கள் கூறிய விளக்கம் அவர்களுடைய தரவிலிருந்து பெறப்பட்டது அன்று. வெளியிலிருந்து கொண்டு வரப்பட்டது.

முறைகள் பகுதி மேலும் ஒன்றைத் தெரிவிக்கிறது. ஆஸ்பிரின் உட்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆஸ்பிரினும் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஆதலால், இரைப்பையைப் பற்றிய ஒப்பீட்டில் இது தேவையான விலக்கே. ஆனால் நடைமுறையில் மருத்துவரிடம் வரும் மூட்டுவலி நோயாளிகள் பலர் முதியவர்கள். அவர்களுள் இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர்களும் உண்டு. ஆய்வில் இருந்தவர்களும் மருத்துவரின் முன் அமர்ந்திருப்பவரும் ஒரே வகையினர் அல்லர். இந்தச் செய்தி கலந்துரையாடலில் தேடினால் எளிதில் அகப்படாது. சேர்க்கை, விலக்கு விதிகளைப் படித்தால் சில வரிகளில் கிடைத்துவிடுகிறது.

இம்மூன்று சுற்றுகளின் முடிவில் மருத்துவர் பெறும் விடை கட்டுரையின் முடிவுரையோடு முரண்படவில்லை. ஆனால் அதனினும் விரிவானது. புதிய மருந்து இரைப்பைக்குப் பாதுகாப்பானது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இதயத்துக்கு அது தீங்கானதா என்பது இந்த ஆய்வால் தீர்க்கப்படவில்லை. தீங்கில்லை என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

## பின்னர் நிகழ்ந்தவை

வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றின் முடிவு 2004 ஆம் ஆண்டு தெரிய வந்தது. பெருங்குடலில் மீண்டும் கட்டிகள் வளர்வதை ரோஃபெகாக்சிப் தடுக்குமா என்று அறிவதற்காக 2,586 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. இரத்த உறைவினால் ஏற்படும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன அம்மருந்தை உட்கொண்ட குழுவில் 46 பேருக்கும், வெற்று மாத்திரைக் குழுவில் 26 பேருக்கும் ஏற்பட்டிருந்தன. இங்கே நாப்ராக்சென் இல்லை. ஆகவே அது இதயத்தைக் காத்தது என்ற விளக்கத்துக்கும் இடம் இல்லை. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் அம்மருந்தை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

2005 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வைகர் கட்டுரை பற்றிக் கவலை தெரிவிக்கும் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. ரோஃபெகாக்சிப் குழுவில் மேலும் மூவருக்கு மாரடைப்பு ஏற்பட்டிருந்தது என்றும், கட்டுரை வெளியாவதற்கு முன்பே ஆசிரியர்களுள் குறைந்தது இருவருக்கு அது தெரிந்திருந்தது என்றும், அவை சேர்க்கப்படாததால் கட்டுரையின் சில கணக்குகளும் முடிவுகளும் பிழையாயின என்றும் அக்குறிப்பு கூறியது. அம்மூன்றும் முன்பே வகுக்கப்பட்ட கணக்கெடுப்பு நாளுக்குப் பின்னர் நிகழ்ந்தவை ஆதலால் சேர்க்கப்படவில்லை என்பது ஆசிரியர்களின் மறுமொழி.

## முறையின் வரம்புகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டு இம்முறையின் வரம்பையும் காட்டுகிறது. விகிதம் திருப்பப்பட்டிருப்பதையும், வெற்று மாத்திரைக் குழு இல்லாததையும் கட்டுரையைக் கொண்டே கண்டறியலாம். விடப்பட்ட மூன்று மாரடைப்புகளை எத்தனை முறை வாசித்தாலும் கண்டறிய முடியாது; அவை கட்டுரையில் இல்லை. கட்டுரையில் இல்லாததை அறிய, ஆய்வு தொடங்குமுன் பதிவு செய்யப்பட்ட திட்டத்தையும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் ஆவணங்களையும், அதே கட்டுரை பற்றிப் பின்னர் வெளியான கடிதங்களையும் திருத்தங்களையும் பார்க்க வேண்டும். இதழின் இணையப் பக்கத்தில் கட்டுரையோடு திருத்தமோ கவலைக் குறிப்போ திரும்பப் பெற்ற அறிவிப்போ இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதை முதல் சுற்றிலேயே செய்துவிடலாம். அதற்கு ஒரு நிமிடமே ஆகும்.

எல்லாத் துறைகளுக்கும் ஒரே வரிசை பொருந்துவதில்லை. கணிதக் கட்டுரையில் முறைகள், முடிவுகள் என்ற பிரிவு இல்லை. அங்கு முதல் சுற்றில் தேற்றங்களின் கூற்றுகளும் வரைவிலக்கணங்களும் படிக்கப்படுகின்றன. நிறுவல்கள் பின்னர் வருகின்றன. வரலாறு போன்ற துறைகளில் வாதமும் ஆதாரமும் பத்திதோறும் பின்னிக் கிடப்பதால், உட்தலைப்புகளை மட்டும் பார்த்துப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று.

தமக்கு முற்றிலும் புதிய துறையில் நுழையும் வாசகருக்கு முதல் சுற்று தோல்வியுறுவதும் உண்டு. ஐந்து வினாக்களுக்கும் விடை கூற முடியாவிடின், பெரும்பாலும் அடிப்படைச் சொற்கள் தெரியாமையே காரணம். அந்நிலையில் அதே கட்டுரையை இரண்டாம் சுற்றுக்குக் கொண்டு செல்வதை விட, அத்துறையின் மீள்பார்வைக் கட்டுரை ஒன்றையோ பாடநூல் இயல் ஒன்றையோ படித்துவிட்டுத் திரும்புவது குறைந்த நேரத்தில் முடியும்.

## நீண்ட அறிக்கைகள்

அரசு ஆணையங்களின் அறிக்கைகளும் தணிக்கை அறிக்கைகளும் பல நூறு பக்கங்கள் கொண்டவை. இவற்றிலும் கட்டமைப்பை முதலில் நோக்குவதே முறை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வுக் கட்டுரையில் அனைத்து ஆசிரியர்களும் ஒரே வாதத்தை முன்வைக்கின்றனர். ஆணைய அறிக்கையிலோ பலர் இணங்கிய வாசகம் முன்பகுதியிலும், இணங்காத கருத்துகளும் மூலத் தரவுகளும் பின்னிணைப்புகளிலும் இடம்பெறுவது உண்டு. ஆகவே பொருளடக்கத்தைப் பார்க்கும்போது பின்னிணைப்புகளின் தலைப்புகளையும் படிப்பது நன்று.

சேலஞ்சர் விண்ணோட விபத்து பற்றிய ரோஜர்ஸ் ஆணையத்தின் 1986 ஆம் ஆண்டு அறிக்கை இதற்குச் சான்று. ஆணைய உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் எழுதிய தனிக் கருத்து அதில் ஒரு பின்னிணைப்பாகவே இடம்பெற்றது. விண்ணோடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு நூறில் ஒன்று என்ற அளவில் இருக்கும் என்று பொறியாளர்கள் மதிப்பிட்டிருக்க, நிர்வாகத்தினர் அதை இலட்சத்தில் ஒன்று என்று மதிப்பிட்டிருந்தனர் என்பதை அவர் அங்கே எடுத்துக்காட்டினார். முன்பகுதியின் பரிந்துரைகளோடு நின்றுவிடும் வாசகர் அப்பின்னிணைப்பை அடைவதில்லை. பொருளடக்கத்தை இறுதி வரை நோக்கியவர், அதை எங்கே தேட வேண்டும் என்று முதல் பத்து நிமிடங்களிலேயே அறிந்திருப்பார்.